எடை ஏறியது, பாவாடை நாடா நீண்டது

பொங்கல் முடிந்த மறு வாரம் ஜிம்மில் சேர்ந்தேன். திருச்சி தில்லைநகரில், ஆபீஸுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மாடியில் இருக்கிற சின்ன ஜிம். எனக்கு 41 வயது, உயரம் 157 செ.மீ. அதற்கு முன் ஆறு மாதம் காலை நடை போய் 75 கிலோவிலிருந்து 71.6-க்கு வந்திருந்தேன். அதோடு முள் நகரவில்லை. "வெயிட் தூக்கினாதான் இனிமே இறங்கும்" என்று தங்கை சொன்னாள். தூக்கினேன்.

பதினோராவது நாள் காலை 73.1.

நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவள். ஐம்பது பைசா இடித்தாலும் எங்கே போச்சு என்று தேடுகிற புத்தி. ஒன்றரைக் கிலோ இடிக்கிறது, எப்படி விடுவேன்? தினசரி காலண்டர் தாளில் எடையைக் குறித்துவைக்கிற பழக்கம் நடை போன காலத்திலிருந்தே உண்டு. அந்தத் தாள்களை எல்லாம் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாப்பாடு மாறவில்லை. காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கிண்ணம் சாதம், குழம்பு, பொரியல், மோர், ராத்திரி இரண்டு சப்பாத்தி.

முதலில் கொழுப்பாக இருக்குமோ என்றுதான் பார்த்தேன். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவழிப்பதைவிட ஏறக்குறைய 7,700 கலோரி அதிகமாக உள்ளே போயிருக்க வேண்டும். ஒன்றரைக் கிலோவுக்கு 11,500. பதினோரு நாளால் வகுத்தால் நாளுக்கு ஆயிரத்துச் சொச்சம். வீட்டில் அவிக்கும் இட்லி ஒன்றுக்கு அறுபது கலோரி வைத்தால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினமும் பதினேழு இட்லி. நான் சாப்பிடவில்லை. ஆக, அது கொழுப்பு இல்லை.

ஜிம்மில் கோச் தம்பியிடம் கேட்டேன். "அக்கா, அது மசில் வெயிட்டு. நல்லதுதான், கவலப்படாதீங்க" என்றான். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதுவும் தப்பு. புதிதாக ஆரம்பிக்கிற பெண்ணுக்கு, எல்லாம் சரியாக நடந்தாலே, மாதத்துக்கு அரைக் கிலோ தசை வைப்பது பெரிய காரியம். பதினோரு நாளில் இருநூறு கிராம் வந்திருந்தாலே அதிகம். இந்த ஊரில் ஜிம்முக்குப் போகிற எல்லோருக்கும் இந்த ஆறுதல்தான் கிடைக்கிறது. கொழுப்பு இல்லையென்றால் தசை என்று ஒரே தாவாகத் தாவிவிடுகிறார்கள். நடுவில் ஒரு பேரேடு விட்டுப்போகிறது: தண்ணீர்.

அந்தத் தண்ணீர் எங்கே தங்கியிருந்தது என்பதை என் தொடைகளே சொல்லியிருக்க வேண்டும். முதல் நாள் ஸ்குவாட் போட்ட மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். ஆபீஸில் இந்தியன் டாய்லெட். அதைப் பற்றி மேலே எழுதவில்லை. பழக்கமில்லாத பளு விழும்போது தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைச் சரிசெய்ய உடம்பு அங்கே நீரையும் வேலையாட்களையும் அனுப்புகிறது. சுளுக்கிய கணுக்கால் வீங்குகிறதே, அதன் சின்ன வடிவம்தான். வித்தியாசம், இது தொடை, முதுகு, தோள் என்று பெரிய தசைகளில் பரவலாக நடப்பதால் கண்ணுக்கு வீக்கமாகத் தெரியாது. எடையில் தெரியும். வலி ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். அதே பயிற்சியைத் தொடர்ந்து செய்தால் அடுத்தடுத்த வாரம் சேதமும் வலியும் குறையும். எனக்கு மூன்றாவது வாரத்தில் படி இறங்குவது படி இறங்குவதாக மட்டும் ஆயிற்று.

அதோடு இன்னொரு சரக்கும் உள்ளே போகிறது. சாப்பிடுகிற சோற்றின் மாவுச்சத்தைத் தசை கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது. பளு தூக்க ஆரம்பித்த தசை அதை அடிக்கடி செலவழிக்கிறது, அதனால் நிறையவே சேர்த்தும் வைத்துக்கொள்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டு வரும். நூறு கிராம் கூடினாலே மெஷினில் நானூறு கிராம். ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலையைக் காலையில் தராசில் வைத்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். கடலை என்னவோ அதேதான்.

இதை நான் ஒரேயடியாகப் புரிந்துகொண்டு அமைதியாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பெரிய கூத்து இனிமேல்தான்.

ஆறாவது வாரம் எடை தானாக 72.2-க்கு இறங்கியிருந்தது. இடுப்புச் சுற்று 94 செ.மீ.-இலிருந்து 92. அப்போது கோச் தம்பி, "கிரியேட்டின் ஆரம்பிங்கக்கா, நீங்க வெஜிடேரியன், நல்லா புடிக்கும்" என்றான். இதில் அவன் சொன்னது சரி. கிரியேட்டின் நம் உடம்பே நாளுக்கு ஒரு கிராம் அளவில் தயாரித்துக்கொள்கிற பொருள். மீதி கறி, மீனிலிருந்து வரும். என்னைப் போலப் பருப்பு, தயிரோடு வாழ்பவர்களின் தசையில் அதன் இருப்பு குறைவாக இருக்கும், நிரப்ப இடம் அதிகம். பளு தூக்கும்போது முதல் சில நொடிகளுக்குத் தேவையான சக்தியை உடனே தருவது இந்தக் கிரியேட்டின்தான். எட்டாவது தடவையோடு நின்ற கை பத்தாவது தடவைக்கும் போகும், அவ்வளவுதான் அதன் மாயம்.

அவன் சொன்ன அளவுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாளுக்கு 20 கிராம், ஐந்தைந்தாக நாலு வேளை, ஐந்தாறு நாள். இதை லோடிங் என்கிறார்கள். தசையின் இருப்பைச் சீக்கிரம் நிரப்புவதற்கு உலகம் முழுக்க உள்ள முறைதான். எனக்கு இரண்டாம் நாளே வயிறு கலங்கியது. ஆபீஸில் மார்ச் மாத வேலை குவிந்து கிடக்கும்போது வயிற்றுப்போக்கு. ஆனாலும் பிடிவாதமாக முடித்தேன். ஆறாம் நாள் காலை 73.9.

அன்றைக்கு நான் அழுதேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. ஏழு மாதம் விடியலில் எழுந்து இறக்கியதில் பாதிக்கு மேல் ஆறு நாளில் திரும்ப வந்து நிற்கிறது.

கிரியேட்டின் தசைச் செல்லுக்குள் நுழையும்போது சும்மா நுழைவதில்லை. உப்பு இருக்கிற பக்கம் தண்ணீர் போவதுபோல, செல்லுக்குள் கரைபொருள் கூடியதும் தண்ணீரும் உள்ளே போகிறது. லோடிங் செய்கிறவர்களுக்கு முதல் வாரத்தில் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ ஏறுவது சகஜம். பெரும்பாலும் தசைக்குள்ளே போய் உட்காருகிற தண்ணீர் என்பதால், தொப்பையாகத் தெரியாது. தோள், தொடை கொஞ்சம் நிறைந்தாற்போல இருக்கும். லோடிங் செய்யாமல் தினம் மூன்று கிராம் மட்டும் எடுத்திருந்தால் நாலு வாரத்தில் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருப்பேன். எடையும் மெதுவாக ஏறியிருக்கும், வயிறும் பிழைத்திருக்கும். திரும்ப ஆரம்பிக்கச் சொன்னால் அப்படித்தான் செய்வேன். போட்டிக்குப் போகிறவர்களுக்குத்தான் அந்த அவசரமெல்லாம்.

ஆனால் அந்த வாரம் எனக்கு இது எதுவும் தெரியாது. அதனால் சாதத்தை நிறுத்தினேன். இட்லி, சப்பாத்தி எல்லாம் கட். மூன்று நாள் பனீர், காய்கறி, மோர். மூன்றாம் நாள் காலை 72.3. ஒரு கிலோ அறுநூறு கிராம் காணோம்! வீடே கேட்கக் கத்தினேன். அன்று சாயங்காலம் ஜிம்மில், போன வாரம் எட்டு தடவை உட்கார்ந்து எழுந்த அதே 40 கிலோ ஸ்குவாட், நாலாவது தடவையில் என்னைக் கீழேயே உட்கார வைத்துவிட்டது. கோச் தம்பி ஓடிவந்து கம்பியைப் பிடித்தான். "என்னக்கா சாப்டீங்க?" என்றான். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். இலை போட்டு, இரண்டு பாயசம், அப்பளம், ஊறுகாய். திங்கள் காலை 73.8. மூன்று நாள் தவம் ஒரே பந்தியில் போய்விட்டது. இந்த ஏற்ற இறக்கம்தான் எனக்குக் கண்ணைத் திறந்தது. மூன்று நாளில் ஒன்றரைக் கிலோ கொழுப்பு கரையவும் முடியாது, ஒரு சாப்பாட்டில் ஒன்றரைக் கிலோ கொழுப்பு ஏறவும் முடியாது. போனதும் வந்ததும் கிளைக்கோஜன், அதோடு ஒட்டிய தண்ணீர், ஊறுகாய் உப்பு பிடித்துவைத்த தண்ணீர், குடலில் இருந்த சாப்பாடு. சோறு நிறுத்தி ஒரு வாரத்தில் மூன்று கிலோ குறைத்தேன் என்று சொல்கிறவர்களின் கணக்கில் பெரும்பங்கு இதுதான்.

அதற்கப்புறம் எடை பார்க்கும் முறையை மாற்றினேன். தினமும் காலையில் கழிவறை போய்வந்தபின், காபிக்கு முன்னால், அதே தரை டைல்ஸ் மேல் வைத்த மெஷினில் ஏறுவேன். மிதியடி மேல் வைத்தால் மெஷின் தப்புக் காட்டும். வருகிற எண்ணைக் காலண்டர் தாளில் எழுதிவிட்டு மறந்துவிடுவேன். ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்து வருவதைத்தான் எடை என்று எடுத்துக்கொள்வேன். ஒரே வாரத்துக்குள் ஒரு கிலோ முன்பின் ஆடுவது எனக்குச் சாதாரணம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பெண்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு உண்டு. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் எனக்கு எண்ணூறு கிராம்வரை ஏறும், வந்த இரண்டாம் மூன்றாம் நாள் இறங்கும். அதனால் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது. மாதவிலக்கு முடிந்த வாரத்தின் சராசரியைப் போன மாதம் அதே வாரத்தின் சராசரியோடு வைத்துப் பார்க்க வேண்டும். கோச் தம்பிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். காது சிவந்தாலும் குறித்துக்கொண்டான்.

ஞாயிறு காலையில் டேப். தொப்புள் மட்டத்தில், வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக விட்டு, இரண்டு தடவை. டேப் தோலை அழுத்தக் கூடாது, பின்பக்கம் தொங்கவும் கூடாது, கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். எடையும் இடுப்பும் சேர்ந்து ஏறினால் அது கொழுப்பு என்று நினைத்துக்கொள்ளலாம். எடை ஏறி இடுப்பு நின்றாலோ இறங்கினாலோ, தண்ணீரும் கொஞ்சம் தசையும்.

ஆனால் டேப்புக்கும் முன்னால் எனக்குச் செய்தி சொன்னது பாவாடை நாடாதான். ஜனவரியில் முடிச்சுப் போட்டபின் நாடா இரண்டு விரற்கடை மிஞ்சும். சுருக்குப் போடவே இழுக்க வேண்டியிருக்கும். மார்ச்சில், 73.9 காட்டி நான் அழுத அதே வாரத்தில், முடிச்சுக்குப் பிறகு மூன்று விரற்கடை தொங்கியது. அதை உள்ளே செருகிக்கொண்டே மெஷினைத் திட்டியிருக்கிறேன்.

ஜிம்மில் கொழுப்பு சதவீதம் காட்டுகிற மெஷின் ஒன்று உண்டு. உலோகத் தகட்டில் வெறுங்காலோடு நிற்க வேண்டும். அது உடம்பு வழியாக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, எவ்வளவு தடை இருக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், கொழுப்பு அவ்வளவாகக் கடத்தாது. ஆகவே உடம்பில் தண்ணீர் கூடினால் தசை கூடிவிட்டது என்று காட்டும். காலையில் 38 சதவீதம், மாலையில் இரண்டு டம்ளர் மோருக்குப் பின் 36 என்று எனக்கே காட்டியது. இரண்டு டம்ளர் மோரில் கொழுப்பு கரையாது. அதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். இன்டர்நெட்டில் ஒரு கிலோ கொழுப்பை மூட்டை மாதிரியும் ஒரு கிலோ தசையைக் கைக்கு அடக்கமாகவும் போடுகிற படங்களையும் நம்ப வேண்டாம். ஒரே எடைக்குக் கொழுப்பு தசையைவிட 15 சதவீதம் அளவுக்குத்தான் அதிக இடம் பிடிக்கும்.

எல்லா எடை ஏற்றமும் தண்ணீர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. என்னோடு சேர்ந்த ஒரு டீச்சரம்மாவுக்கு இரண்டு மாதத்தில் மூன்று கிலோ ஏறியது. அவரும் கிரியேட்டின் எடுத்தார். "எல்லாம் தண்ணிதான், நீங்கதானே சொன்னீங்க" என்றார். இடுப்பை அளக்கச் சொன்னேன். 3 செ.மீ. கூடியிருந்தது. தண்ணீர் என்றால் முதல் சில வாரத்தில் ஏறிவிட்டு நின்றுவிடும். அவருக்கு மாதம் தவறாமல் ஏறிக்கொண்டே இருந்தது. விசாரித்ததில், ஜிம் முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒரு பெரிய டம்ளர் பால், வாழைப்பழம், இரண்டு கடலை உருண்டை. "ஒர்க்அவுட் பண்ணிட்டு வந்தா பசிக்குதே" என்றார். பசிக்கும். ஆனால் ஜிம்மில் ஒரு மணிநேரம் செலவழித்ததைவிட அந்தத் தட்டு பெரிது.

இன்னொரு வகை ஏற்றமும் உண்டு, அதை ஜிம் கணக்கில் எழுதக் கூடாது. முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கிறது, காலையில் முகம் ஊதியிருக்கிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றால் டாக்டரிடம் போக வேண்டும். அதிகப் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே போக வேண்டும்.

டாக்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஏப்ரலில் ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் எனக்கு கிரியேட்டினின் 1.1 என்று வந்தது. போன வருஷம் 0.8. ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து, பக்கத்தில் ஒரு அம்புக்குறி. வீட்டில் எல்லோரும், "அந்தப் பொடியால கிட்னி போச்சு" என்று முடிவுகட்டிவிட்டார்கள். எங்கள் டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். கிரியேட்டின் உடைந்துதான் கிரியேட்டினின் ஆகிறது. அதிகம் எடுத்தால் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் ரத்தத்தில் அந்த எண் கொஞ்சம் ஏறலாம். முந்தைய நாள் பளு தூக்கியிருந்தாலும் ஏறலாம். சிஸ்டாட்டின் சி என்ற வேறு ரத்தப் பரிசோதனையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதும் பார்க்கச் சொன்னார். இரண்டும் சரியாக இருந்தன. "டெஸ்ட்டுக்கு வரும்போது என்ன சாப்பிடுறீங்கன்னு முதல்லயே சொல்லுங்கம்மா" என்று மட்டும் கண்டித்தார். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பொடியைத் தொடக் கூடாது என்றும் சொன்னார்.

மே மாத நடுவில், நாலு மாதம் முடிந்தபோது வாரச் சராசரி 71.2. ஆரம்பித்ததைவிட நானூறு கிராம்தான் குறைவு. இடுப்பு 94-இலிருந்து 89. அந்த நானூறு கிராமை உட்கார்ந்து பிரித்தேன். கிரியேட்டினோடு வந்த தண்ணீர் ஒரு கிலோ, கிளைக்கோஜனும் அதன் தண்ணீரும் அறுநூறு கிராம், நாலு மாதத்துக்குத் தசை ஒன்றரைக் கிலோ. வரவு மூன்று கிலோ நூறு. மெஷின் காட்டுவது நானூறு குறைவு. அப்படியானால் போன கொழுப்பு மூன்றரைக் கிலோ இருக்க வேண்டும். ஒவ்வொரு இனமும் மதிப்பீடுதான், வவுச்சர் கிடையாது. ஆனால் 5 செ.மீ. குறைந்த இடுப்பு அதற்குச் சாட்சி சொல்கிறது.

கிரியேட்டினை நிறுத்தினால் நாலிலிருந்து ஆறு வாரத்தில் தசையின் இருப்பு பழைய நிலைக்கு வரும், அந்த ஒரு கிலோவும் சத்தமில்லாமல் இறங்கும். அப்போது, "பொடியை விட்டதும் இளைச்சுட்டேன்" என்று யாராவது சொன்னால், பாவம், நான் சோற்றை விட்டு இளைத்த கதைதான் அதுவும்.

போன வாரம் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனேன். டெய்லர் அண்ணன் பதினைந்து வருஷமாக என் அளவைத் தன் நோட்டில் வைத்திருப்பவர். பழைய பக்கத்தைத் திறந்துவைத்து டேப்பைப் போட்டார். "கைச்சுற்று கால் இஞ்ச் கூட்டணும். உடம்பு ஒண்ணரை இஞ்ச் உள்ள வாங்கணும்" என்றார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எத்தன கிலோம்மா கொறச்சீங்க?" என்றார்.

"நானூறு கிராம்ணே."

டேப்பை உதறிவிட்டு மறுபடியும் அளந்தார்.